மௌனமும் பொய்யாகுமா?

பொய் கூறுதல் தவறு என்பதை யாவரும் அறிவர். பொய்யே கூறாமல் ஒருவரை ஏமாற்ற இயலுமா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு குதிரையைக் காட்டி இதனை விளக்குகிறது.

ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்குக் குறை உண்டு என்பதை அவர் அறிவார். ஆயினும் வாய் திறக்கவில்லை. இம்மௌனம் மட்டும் மோசடி ஆகாது. ஆனால் வாங்க வந்தவர், மறுத்துக் கூறாவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன் என்று முன்னரே கூறியிருந்தால், அம்மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும். வாங்குபவள் அண்மையில் வயது நிரம்பிய மகளாயின், அவள் கேளாமலே குறையைக் கூறுவது தந்தையின் கடமை. அவள் தந்தையை நம்பியன்றோ வாங்குகிறாள்!

“சென்ற மாதம் மருத்துவர் இதனைச் சோதித்தார்” என்று கூறி, அவர் கண்ட நோயை மறைப்பவரை என்னென்பது? அவர் சொன்ன சொல் மெய். கேட்பவர் மனத்தில் விதைத்த எண்ணம் பொய். ஏமாற்றும் நோக்கமே அதனை மோசடியாக்குகிறது.

குறையை அறியாமல், நலமென்று நம்பிக் கூறியவர் மோசடிக்காரர் அல்லர். எனினும் அச்சொல்லை நம்பி வாங்கியவர் பொதுவாக ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். நோக்கம் இல்லாவிடினும் இழப்பு இழப்பே அன்றோ?

பெங்களூருவில் பழைய மிதிவண்டி விற்பவருக்கும் இச்சட்டமே பொருந்தும்.

சிந்திக்க: உங்கள் மிதிவண்டியின் பிரேக் பழுது. வாங்கும் நண்பர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் கூற வேண்டுமா? ஏன்?