பெயர் மாற்றப் பிரமாணப் பத்திரம்: எழுத்துக்கு எழுத்து

பெயர் மாற்றப் பிரமாணப் பத்திரத்தில் பழைய பெயர், மூல ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பள்ளி மதிப்பெண் சான்றிதழில் LAKSHMI S என்றும், ஆதாரில் S LAXMI என்றும் இருப்பதாகக் கொள்வோம். கேட்பவர்களுக்கு ஒரே பெயர்தான். ஆனால் ஆவணங்களை ஒப்பிடும் அலுவலருக்கு இவை இரண்டு பெயர்கள். எனவே இரண்டையும் அந்தந்த ஆவணத்தின் பெயரோடு குறிப்பிட்டு, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று எழுத வேண்டும்.

புதிய பெயரில் முதலெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா, தந்தை பெயராக விரியுமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, எல்லாப் பத்திகளிலும் அப்படியே எழுத வேண்டும்.

சரிபார்க்கும்போது ஒருவர் அசல் ஆவணத்திலிருந்து எழுத்து, புள்ளி, இடைவெளியைச் சொல்ல, மற்றவர் பத்திரத்தில் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. பெயரை முழுச் சொல்லாக வாசித்தால் விடுபட்ட H கண்ணில் படாது. நோட்டரி முன் கையெழுத்திடும் முன்பே பிழையைத் திருத்திவிட வேண்டும்.