பதில் வரவேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவரின் நோட்டில் 'சிமெண்ட் விலை விசாரிக்க', 'கரண்ட் பில் கட்ட' என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே 'வக்கீல் – லீகல் ஒப்பீனியன்' என்று இருக்கிறது. மற்ற இரண்டையும் அவர் இன்றே முடித்துவிடலாம். நடுவில் உள்ளதில் அவர் பங்கு முடிந்துவிட்டது. பத்திர நகல்கள் போய்விட்டன, இனி எழுத வேண்டியவர் வக்கீல். தன்னால் ஒன்றும் செய்ய முடியாத வரியைத் தினமும் பார்த்தால் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். நினைவூட்ட வேண்டிய நாளிலும் அப்படியே தாண்டிவிடும்.

அதனால்தான் டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட 'கெட்டிங் திங்ஸ் டன்' நூலில், பிறரிடமிருந்து வரவேண்டியவற்றைத் தனியே எழுதிவைக்கச் சொன்னார். நம் ஆள் இப்படி எழுதலாம்: 'வக்கீல் – லீகல் ஒப்பீனியன் – ஜூன் 3, வாட்ஸ்அப்பில் கேட்டது – ஜூன் 10 மறுபடி கேட்க.'

கேட்ட தேதி இருந்தால் பேச்சு எளிதாகும். "3ஆம் தேதி நகல் அனுப்பியிருந்தேன் சார், பார்த்தீங்களா?" என்பதில் குறை சொல்லும் தொனி இல்லை, அவரும் தேடி எடுத்துவிடுவார். மறுபடி கேட்கும் நாளை, வங்கி கேட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டும். வங்கிக்கு 20ஆம் தேதி கொடுக்க வேண்டுமென்றால் 19ஆம் தேதி நினைவூட்டிப் பயனில்லை. வக்கீலுக்குப் படித்து எழுத அவகாசம் வேண்டும்.

10ஆம் தேதி கேட்கிறார். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வந்தால் அது பதில் ஆகாது. வரியை அடிக்காமல் தேதியை மட்டும் 13 என்று மாற்ற வேண்டும். ஆனால், "தாய்ப் பத்திரம் இல்லையே, அனுப்புங்க" என்று வந்தால் வேலை இவர் கைக்குத் திரும்பிவிட்டது. அந்த வரியைக் காத்திருப்புப் பட்டியலில் அடித்துவிட்டு, தன் வேலைகளில் 'தாய்ப் பத்திர நகல் எடுத்து அனுப்ப' என்று எழுத வேண்டும். அனுப்பிய பிறகு, புதிய தேதியோடு மறுபடி காத்திருப்பில் ஒரு வரி.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பழைய வரி அப்படியே கிடக்கும். வக்கீல் பத்திரத்துக்காகவும் இவர் வக்கீலுக்காகவும் காத்திருப்பார்கள். இருவருக்கும் தன் பக்கம் பாக்கி இல்லை என்ற நினைப்பு. பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் 'கடைசியாக வந்த செய்தி என்ன கேட்டது?' என்று பார்த்தால் இது பிடிபடும்.

ஜிமெயிலில் 'காத்திருப்பு' என்று ஒரு லேபிள் உருவாக்கி, அனுப்பிய மெயிலுக்கே போட்டுவைக்கலாம். பதில் வந்தாலும் லேபிள் தானாக நீங்காது. நாம்தான் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப், மெயில், போன் என்று பல வழிகளில் கேட்பவர்களுக்கு ஒரே நோட்டுதான் வசதி.

எல்லாச் செய்தியையும் இதில் ஏற்றினால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பதில் வராவிட்டால் ஏதாவது வேலை நிற்கும் என்றால் மட்டும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை முழுவதையும் படியுங்கள். இருமுறை எழுதியும் அசையாத ஆளுக்கு மூன்றாவது செய்தி வேண்டாம், போன் போடுங்கள்.