விலைப்பட்டியலுக்கு முன் ஒரு கேள்வி

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் தேடும் சிறிய பனியன் கம்பெனிகள் வெளிநாட்டு பையருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நாங்கள் இத்தனை ஆண்டு அனுபவமுள்ள முன்னணி உற்பத்தியாளர்கள். டி-ஷர்ட், போலோ, பைஜாமா, குழந்தைகள் உடை எல்லாம் தைக்கிறோம். தரம் உயர்ந்தது, விலை குறைந்தது. உங்கள் விசாரணையை எதிர்பார்க்கிறோம். கூடவே கனமான கேட்டலாக் ஒன்றும் போகும். பதில் வருவது அபூர்வம்.

அதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் அதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு நிறுவனத்தைப் புதிதாகச் சோதித்துப் பார்க்க அவர் டிசைன் விவரங்களை அனுப்ப வேண்டும், விலை கேட்க வேண்டும், சாம்பிள் வரக் காத்திருக்க வேண்டும், இப்போதைய சப்ளையரோடு ஒப்பிட வேண்டும். அது வாரக்கணக்கான வேலை. பதில் எழுதாமல் விட்டால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அதே வாசகங்கள் டாக்காவிலிருந்தும் கராச்சியிலிருந்தும் அவருக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதல் அஞ்சலில் நம்மை விற்க முயலாமல், அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் கேட்பது இன்னொரு வழி. இது சில இடங்களில் நன்றாக வேலை செய்யும், சில இடங்களில் செய்யவே செய்யாது. எது எங்கே என்பதை ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

பிரிட்டனில் ஒரு சிறிய பிராண்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட்டை ஆறு நிறங்களில் இணையத்தில் விற்கிறது. திருப்பூரில் இருக்கும் மெர்ச்சண்டைசர் அந்தத் தளத்தைச் சில வாரங்கள் கவனிக்கிறார். கடல்நீலமும் கடுகு மஞ்சளும் தீர்ந்துபோய் அப்படியே கிடக்கின்றன. மற்ற நான்கு நிறங்களில் சரக்கு இருக்கிறது. நன்றாக விற்கும் நிறத்தை ஏன் உடனே நிரப்பவில்லை?

காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது சாயப்பட்டறையின் கணக்கு. 160 ஜிஎஸ்எம் துணியில் ஒரு டி-ஷர்ட்டுக்கு, வெட்டுக் கழிவையும் சேர்த்து, சுமார் 200 கிராம் துணி பிடிக்கும். 100 கிலோ கொள்ளும் சாய இயந்திரத்தை ஒரு முறை நிரப்பினால் 500 பீஸ் வரும். அதே இயந்திரத்தில் 40 கிலோவைப் போட்டால் நீராவி, ஆள், நேரம் எல்லாம் ஏறக்குறைய அதே அளவுதான் செலவாகும். அதனால் பட்டறைக்காரர் குறைந்த எடைக்குக் கூடுதல் கூலி கேட்பார், அல்லது எடுக்கவே மாட்டார். ஒரு நிறத்துக்கு இத்தனை பீஸுக்குக் குறையக்கூடாது என்று சப்ளையர் சொல்வதன் வேர் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. நம் மெர்ச்சண்டைசரின் நிறுவனம் துணி அனுப்பும் பட்டறையில் 50 கிலோ இயந்திரம் ஒன்று உண்டு. அவரால் ஒரு நிறத்தில் 250 பீஸ் செய்ய முடியும்.

இப்போது அவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. அஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பொருள்: கடல்நீல டி-ஷர்ட், மறு ஆர்டர் பற்றி ஒரு கேள்வி

"வணக்கம். உங்கள் டி-ஷர்ட்டில் கடல்நீலமும் கடுகு மஞ்சளும் சில வாரங்களாகத் தீர்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு நிறம் மட்டும் தீரும்போது அதை 300 பீஸுக்குக் கீழே மறு ஆர்டர் செய்ய உங்களுக்கு வழி இருக்கிறதா, அல்லது மற்ற நிறங்களும் தீரும்வரை காத்திருக்கிறீர்களா? நாங்கள் திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் சிறிய நிறுவனம். ஒரு நிறத்தில் 250 பீஸ் செய்கிறோம். அது உங்களுக்குப் பயன்படுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தேவையில்லை என்றால் அப்படியே சொல்லலாம், மறுபடி எழுத மாட்டேன்."

கீழே பெயர், நிறுவனம், முழு முகவரி. கேட்டலாக் கிடையாது, விலை கிடையாது.

இந்தக் கேள்வியை மூன்று விஷயங்கள் தாங்கி நிற்கின்றன. முதலாவது, அது அந்த ஒரு பிராண்டைப் பார்த்த பிறகே எழுதக்கூடியது. இன்னொருவருக்கு அப்படியே அனுப்ப முடியாது. இரண்டாவது, பதில் அவர் மனதிலேயே இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கொள்முதல் விலை போன்ற ரகசியத்தைச் சொல்லவும் வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். வருகிற பதிலைப் பொறுத்து, கேட்டவர் அடுத்துச் செய்வது மாறும்.

"காத்திருக்கிறோம், எங்கள் சப்ளையர் 600க்குக் கீழே எடுப்பதில்லை" என்று பதில் வந்தால், வேலை இருக்கிறது. அடுத்த அஞ்சலில் அந்த ஒரு நிறத்துக்கு 250 பீஸ் விலையையும், லேப் டிப் அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதலாம். லேப் டிப் என்பது நிறம் சரியா என்று பையர் பார்த்து ஒப்புதல் தருவதற்கான சிறு சாயத்துண்டு. சிறிய லாட் என்பதால் பீஸ் விலை சற்றுக் கூடும் என்பதையும் அங்கேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

"நூற்றைம்பது பீஸே கிடைக்கிறது, பிரச்சினை இல்லை" என்று வந்தால், நம் 250 அவருக்குப் பயனில்லை. நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். "அந்த நிறங்களையே நிறுத்துகிறோம்" என்று வந்தால், புதிய நிறங்களை எப்போது முடிவு செய்வார்கள் என்று கேட்டு, அதுவரை பொறுத்திருக்கலாம்.

அனுப்புவதற்கு முன்பே இந்த மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாம் செய்யப்போவதைக் குறித்துக்கொள்வது நல்ல சோதனை. எந்தப் பதில் வந்தாலும் அடுத்தது அதே கேட்டலாக்தான் என்றால், நம்மிடம் கேள்வி இல்லை. இருப்பது கேள்விக்குறி போட்ட விளம்பரம். "உங்கள் செலவைக் குறைக்க விருப்பமா?" என்பது அந்த வகை. அதற்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆம் என்று சொன்னால் என்ன வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்காகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பதில் வந்த மறுகணம் விலைப்பட்டியலை நீட்டுவது இன்னும் மோசம். பதில் எழுதியவர் தான் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அதனால்தான் மேலே உள்ள அஞ்சலில் நாங்கள் யார், ஏன் கேட்கிறோம் என்ற இரண்டும் மறைக்கப்படாமல் இருக்கின்றன.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் வசதியும் உண்மையாக இருக்க வேண்டும். ஆர்கானிக் உடைகளுக்கான கோட்ஸ் சான்றிதழில் தையல் பிரிவு மட்டும் சான்று பெற்றிருந்தால் போதாது. துணி கடந்து வரும் சாயப்பட்டறையும் சான்று பெற்றிருக்க வேண்டும். 50 கிலோ இயந்திரம் இருக்கும் பட்டறைக்கு அது இல்லையென்றால், கோட்ஸ் முத்திரையோடு விற்கும் பிராண்டிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் பொருள் இல்லை.

இந்த வழி எடுபடுவது, அஞ்சலைப் படிப்பவரே முடிவெடுப்பவராகவும் இருக்கும் இடத்தில். சிறிய பிராண்டில் சரக்குத் தீர்ந்த கவலையும் ஆர்டர் போடும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் தினமும் யோசிக்கும் விஷயத்தைப் பற்றி, அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் கேட்டால், பதில் சொல்ல அவருக்கே காரணம் இருக்கிறது.

பெரிய சில்லறை நிறுவனங்களில் அப்படி இல்லை. அங்கே புதிய சப்ளையரைச் சேர்ப்பதற்குத் தனி நடைமுறை உண்டு. தொழிற்சாலைத் தணிக்கை அறிக்கை, சான்றிதழ்கள், உற்பத்தித் திறன் ஆகியவற்றை முதலில் கேட்பார்கள். கொள்முதல் அலுவலர் ஒருவருக்கு மறு ஆர்டர் பற்றிய கேள்வி போனால், பதில் தெரிந்தாலும் வெளியாருக்குச் சொல்ல அவருக்கு உரிமை இருக்காது. அந்த இடத்தில் கேட்கும் ஆவணங்களை ஒழுங்காகக் கொடுப்பதே சரியான முதல் அஞ்சல். அதேபோல், ஒரு பையர் தானாக முன்வந்து விலை கேட்டிருந்தால் அவருக்கு விலையைத்தான் கொடுக்க வேண்டும். அவர் கேட்டதற்கு எதிர்க்கேள்வி போட்டு நாளைக் கடத்தினால், ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. கேள்வி வடிவில் எழுதியதால் வணிக அஞ்சல் வேறொன்றாகிவிடாது. பிரிட்டனில் பதிவு செய்த நிறுவனங்களுக்கு முன் அனுமதி இல்லாமல் எழுதலாம், ஆனால் தனிநபர் நடத்தும் வணிகங்களுக்குத் தனிமனிதருக்கான விதியே பொருந்தும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் முன் அனுமதி கேட்பதில்லை. பொருள் வரி உண்மையாக இருக்க வேண்டும், அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் நிறுவனங்களுக்குக்கூட முன் ஒப்புதல் இல்லாமல் மின்னஞ்சல் விளம்பரம் அனுப்பக்கூடாது, எது விளம்பரம் என்பதையும் நீதிமன்றங்கள் விரிவாகவே பார்க்கின்றன. அங்கே கண்காட்சியில் நேரில் சந்திப்பதுதான் பாதுகாப்பான தொடக்கம்.

பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து அதே அஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். இப்படிக் கவனமாக எழுதிய அஞ்சல்கள் பல பிராண்டுகளிடமிருந்தும் மௌனத்தையே கொண்டுவந்தால், அவை ஸ்பாமில் விழுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு வேறு மின்னஞ்சல் சேவைகளில் இருக்கும் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். போய்ச் சேர்ந்தும் பதில் இல்லை என்றால், ஆளை மாற்ற வேண்டுமா, கேள்வியை மாற்ற வேண்டுமா என்று யோசிக்கலாம். பதில்கள் வந்து, எல்லோரும் "எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்றே சொன்னால், அது தோல்வி அல்ல. நிறம் தீர்ந்தும் நிரப்பாததற்குக் காரணம் சாயப்பட்டறைக் கணக்கு என்று நாம் ஊகித்தது தவறு என்பது தெரிந்துவிட்டது. ஆயிரம் கேட்டலாக் அனுப்பினாலும் இந்தத் தகவல் வந்திருக்காது. 250 பீஸ் வசதியை வேறு யாருக்குச் சொல்வது, அல்லது சொல்வதற்கு வேறு வசதி எது என்ற அடுத்த கேள்வியை அதிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.