தகட்டில் இருப்பது பாதிக் கணக்கு

வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் பிரேக்கர் வேண்டும் என்று பார்க்க, ஒவ்வொரு சாதனத்தின் தகட்டையும் போனில் படமெடுத்து வாட்டைக் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கூட்டலில் முதல் பிழை தகட்டைப் படிப்பதிலேயே வருகிறது. ஒன்றரை டன் ஏசியின் தகட்டில் பெரிதாகத் தெரியும் 5000 வாட், அது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. மின்சாரம் இழுப்பதோ ஏறக்குறைய 1600 வாட்தான், அது ‘பவர் இன்புட்’ என்ற வரியில் இருக்கும். தண்ணீர் மோட்டாரில் நேர்மாறு. 1 எச்பி, 0.75 கிலோவாட் என்பது தண்டு தரும் வேலை. மோட்டார் இழுப்பது அதைவிட அதிகம். அதனால் ஆம்பியர் அச்சிட்டிருந்தால் அதையே எடுங்கள், இல்லாதபோது மட்டும் சாதனம் இழுக்கும் வாட்டை 230-ஆல் வகுங்கள். பிளாஷ் பட்டு ஏசி தகட்டின் 7.2 ஆம்பியரில் புள்ளி மறைந்தால் படத்தில் 72 என்று நிற்கும்; 1600-ஐ 230-ஆல் வகுத்தால் 7 வருவதால், அந்தப் பிழை உடனே பிடிபடும்.

ஒரு வீட்டைக் கணக்கிடுவோம். கீசர் 8.7, ஏசி 7.2, மோட்டார் 7, மைக்ரோவேவ் 5.7, அயர்ன் பாக்ஸ் 4.3, மிக்ஸி 3.3, வாஷிங் மெஷின் 1.7, பிரிட்ஜ் 1, மின்விசிறி, விளக்கு, டிவி சேர்ந்து 2.2. மொத்தம் 41.1 ஆம்பியர். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. காலை ஆறரை மணிக்குப் படுக்கையறையில் ஏசி, குளியலறையில் கீசர், தொட்டிக்கு மோட்டார், சமையலறையில் மிக்ஸி, இவற்றோடு பிரிட்ஜும் விசிறிகளும் என்றால் 29.4 ஆம்பியர். அயர்னையும் மைக்ரோவேவையும் அந்த நேரத்தில் போடாத வீட்டுக்கு 32 ஆம்பியர் மெயின் பிரேக்கர் பொருந்தும்.

“எதற்கும் இருக்கட்டும், 63 போட்டுவிடலாமே” என்பார்கள். பிரேக்கர் காப்பது ஒயரை, சாதனத்தை அல்ல. சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் நம் ஊர் வெயிலில் சுமார் 20 ஆம்பியர்தான் தாங்கும். அந்த லைனில் 32 போட்டால், 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டிய கட்டாயமில்லை. அதற்குள் ஒயரின் பிவிசி உறை இளகிவிடும். கீசர் லைனுக்கு 16 போதும். மோட்டார் கிளம்பும்போது பிரேக்கர் விழுகிறதே என்றால், அது கணநேர இழுப்பு. ‘சி’ வகை பிரேக்கர் தன் அளவைப்போல் ஐந்து மடங்குவரை அதைப் பொறுக்கும். அளவைக் கூட்ட வேண்டியதில்லை, வகையைத்தான் பார்க்க வேண்டும்.

தகட்டுப் படங்களில் ஒயரின் தடிமன் இருக்காது. மீட்டரிலிருந்து வரும் ஒயர் 6 சதுர மில்லிமீட்டராக இருந்தால்தான் மேலே சொன்ன 32 செல்லும். 4 என்றால் 25-ஐத் தாண்டக் கூடாது, அப்போது கீசரையும் மோட்டாரையும் வேறு வேறு நேரத்தில் போட வேண்டும். பிரேக்கர் வாங்கும் முன், எலக்ட்ரீஷியனிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒயர் உறையில் அச்சிட்டிருக்கும் அளவையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.