முதல் வரியை மட்டும் கையால் அடியுங்கள்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையிலிருந்து வாட்ஸ்அப்பில் சேலை விற்கிற ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி ஒரு அக்கா, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண். சேலை 700 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அக்காவின் கையை விட்டுப் போன் இறங்காது. ஆர்டர் எடுக்க வேண்டும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும், பார்சல் கட்ட வேண்டும், கூரியர் ரசீதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். இதற்கு நடுவில் திருநெல்வேலியிலிருந்து ஒரு செய்தி:

“அக்கா, மயில்கழுத்து கலர்னு சொல்லித்தானே வாங்குனேன். வந்தது வெறும் பச்சையா இருக்கு. அம்மாவுக்குத் தீபாவளிக்கு எடுத்தது. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க.”

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ‘Quick replies’ என்றொரு வசதி இருக்கிறது. அடிக்கடி அனுப்பும் பதில்களை அதில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குப் பெயர் வைத்துவிடலாம். சாய்கோடு போட்டு அந்தப் பெயரை அடித்தால் முழுப் பதிலும் வந்து விழும். நம் அக்கா `/pugar` என்று அடிக்கிறார்:

“அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். பொருளின் புகைப்படத்தை அனுப்பவும். விரைவில் தொடர்பு கொள்கிறோம்.”

ஐந்து நொடியில் வேலை முடிந்தது என்று அக்கா பார்சல் கட்டப் போய்விடுவார். எதிர்முனையில் அதே ஐந்து நொடியில் கோபம் இரட்டிப்பாகியிருக்கும். போட்டோ அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னவரிடம் போட்டோ கேட்டாயிற்று. இத்தனை நாள் “வாங்கம்மா, போங்கம்மா” என்று பேசிய கடை, பணம் கைமாறியதும் “அன்புள்ள வாடிக்கையாளரே” என்று ஆரம்பிக்கிறது. மாற்றித் தருவார்களா மாட்டார்களா என்பதற்கு ஒரு சொல் இல்லை. எப்போது என்பதற்கு ‘விரைவில்’ என்று ஒரு பதில். அடுத்து என்ன வரும் என்று கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு கேள்விக்குறி, பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ், பிறகு போன். மிச்சப்படுத்திய ஐந்து நொடிக்கு இருபது நிமிடம் போகும்.

இந்தச் சிக்கலுக்குச் சிலர் ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கிறார்கள். ஒரே மன்னிப்பை ஐந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அனுப்புவது. ‘வருந்துகிறோம்’, ‘மன்னிக்கவும்’, ‘எங்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது’ என்று. இதனால் பயனில்லை. புகார் சொன்னவர் மற்ற நான்கு பதில்களைப் பார்க்கப்போவதில்லை. தனக்கு வந்த ஒன்றைத்தான் பார்க்கிறார். அதில் தன் சேலை இல்லை, தன் அம்மா இல்லை, தான் அனுப்பிய படம் இல்லை. அச்சடித்த பதில் என்று அவருக்குக் காட்டிக்கொடுப்பது இந்த இல்லாமைதான். அதனால் சொற்களை மாற்றிப் புண்ணியமில்லை. எதைச் சேமிப்பது, எதைச் சேமிக்கக் கூடாது என்று பிரிக்க வேண்டும்.

பிரிவினை எளிது. கடைக்குச் சொந்தமான விவரம் யாருக்கு எழுதினாலும் மாறாது: திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி, எத்தனை நாளுக்குள், ஃபால்ஸ் தைக்காமல் முந்தியில் குஞ்சம் கட்டாமல் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை, பணம் எந்த வழியில் திரும்பும் என்பது. இதைத் தினமும் கையால் அடிப்பது வீண் உழைப்பு. தப்பும் வரும், முகவரியில் ஒரு கதவு எண் தவறினால் பார்சல் ஊர் சுற்றும். இவற்றைச் சேமிக்கலாம், சேமிக்கவும் வேண்டும். புகார் சொன்னவருக்குச் சொந்தமான விவரம் ஒவ்வொரு முறையும் வேறு: யார், எந்தச் சேலை, என்ன குறை, அதற்குக் கடை என்ன செய்யப்போகிறது. இதை அடிக்க இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியும் பதிலின் தலையில் வர வேண்டும்.

அப்படி எழுதினால் திருநெல்வேலிக்குப் போகும் பதில் இப்படியிருக்கும்:

“படம் பாத்தேன்மா, நீங்க சொல்றது சரி, படத்துல பச்சைதான் தூக்கலா தெரியுது. அம்மாவுக்குத் தீபாவளிக்குள்ள கிடைக்கணும், அதனால வேற சேலை இன்னைக்கே அனுப்பிடறேன். மூணு கலர் படம் கீழே போடறேன், ஒண்ணு சொல்லுங்க.”

இதுவரை கையால் அடித்தது. அதற்குக் கீழே `/thiruppi` என்று அடித்தால் சேமித்த பகுதி வந்து சேர்கிறது:

“திருப்பி அனுப்பறது இப்படிங்க: ஃபால்ஸ் தைக்காம, வந்த கவர்லயே போட்டு, கீழே இருக்கற முகவரிக்கு அனுப்புங்க. கூரியர் ரசீதைப் படமெடுத்துப் போட்டா அந்தச் செலவை அன்னைக்கே ஜிபே பண்ணிடறோம்.”

சேமித்த துண்டு ‘திருப்பி அனுப்பறது இப்படிங்க’ என்று பாதியில் ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே செய்தது. வணக்கமும் மன்னிப்புமாகத் தொடங்கும் முழுப் பதிலைச் சேமித்தால், அவசரத்தில் அதை அப்படியே தட்டிவிடக் கை போகும். ‘இங்கே பெயர்’ என்று நடுவில் இடம் விட்டு வைப்பது அதைவிட ஆபத்து. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த ‘இங்கே பெயர்’ அப்படியே போய்ச் சேரும். தலையில்லாத துண்டைத் தனியாக அனுப்பினால் அனுப்புகிறவருக்கே கண்ணை உறுத்தும். மேலே ஏதாவது எழுதியே ஆக வேண்டும்.

துண்டுகள் சின்னதாகவும் இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஒரு விஷயம். படம் கேட்பது ஒன்று, திருப்பி அனுப்பும் முறை ஒன்று, பணம் திரும்புவது ஒன்று, கூரியரில் தேடுவது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பதிலில் அடைத்ததால்தான் படம் அனுப்பியவரிடம் படம் கேட்க நேர்ந்தது. இன்ன துண்டுதான் வேண்டும் என்று பொறுக்கி எடுக்க, மேலே நகர்த்திச் செய்தியைப் படித்துத்தான் ஆக வேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வரிசையிலும் கவனம் வேண்டும். மயில்கழுத்து என்பது நீலமும் பச்சையும் கலந்து நெய்த நிறம். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொன்று. வெயிலில் ஒரு மாதிரி, டியூப்லைட்டில் ஒரு மாதிரி, மடிப்பில் ஒரு மாதிரி தெரியும். இது உண்மையான விளக்கம்தான். ஆனால் பதிலின் முதல் வரியிலேயே இதைச் சொன்னால், ‘உன் கண்ணில்தான் கோளாறு’ என்று சொன்னது போலாகிவிடும். என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் வரும் அதே விளக்கத்தை மனிதர்கள் நிதானமாகக் கேட்பார்கள். “வெளியில வெயில்ல ஒரு தடவை விரிச்சுப் பாருங்கம்மா, அப்பவும் புடிக்கலைன்னா மாத்திக்கலாம்” என்றால் சிலர் சேலையை வைத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

இனி நேரத்துக்கு வருவோம். பதில் எழுத நேரமாகிறது என்று முதலாளிகள் சொல்வதில் பாதிதான் உண்மை. இரண்டு வரி அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நேரமெல்லாம் யோசிப்பதில் போகிறது: மாற்றித் தரலாமா, கூரியர் செலவு யார் தலையில், ஒருமுறை கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களோ. உதவிக்கு இருக்கிற பெண்ணால் இதை முடிவு செய்ய முடியாததால்தான் அவள் ‘விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்று அனுப்புகிறாள். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர் எழுதும் பதில் எப்போதும் வழவழவென்றுதான் இருக்கும். அதனால் சேமிக்க வேண்டியவற்றில் முதலாவது, முதலாளியின் முடிவுகள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். நெசவில் இழை விட்டிருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றம். பிளவுஸ் துணி விட்டுப்போயிருந்தால் அன்றே தனியாக அனுப்புவது. நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றம் உண்டு, பணம் திரும்பாது. 150 ரூபாய் வரை கூரியர் செலவை அவளே ஒத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அக்காவிடம் கேட்க வேண்டும். தொகையைக் கடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்காரர்கள் ஒரு விருந்தாளியின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமல் செலவழிக்க ஊழியருக்கு உரிமை கொடுத்ததைத் தொழில் வட்டாரத்தில் அடிக்கடி சொல்வார்கள். நமக்கு 150 ரூபாய் போதும், தத்துவம் ஒன்றுதான். பதிலின் அடியில் அந்தப் பெண் தன் பெயரையே போடட்டும். தன் பெயர் போட்டு எழுதும்போது யாருக்கும் ‘அசௌகரியம்’ என்று எழுத வராது.

கடை மூடிய பிறகு தானாகப் போகும் செய்தி வேறு கதை. அது இயந்திரம் அனுப்புவது என்று ஒளிக்க வேண்டியதில்லை. “ராத்திரி கடை மூடியாச்சுங்க, நாளைக்குக் காலைல 11 மணிக்குள்ள பாத்துட்டுப் பதில் போடறோம்” என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் 11 மணிக்குள் பதில் போயிருக்க வேண்டும். மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

சேமித்த சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாத இடங்களும் உண்டு. அதே ஆள் இரண்டாம் முறை எழுதுவது, பணம் போய்ப் பார்சல் காணாமல்போவது, கல்யாணத் தேதி சொல்லி வாங்கிய சேலை. இந்த மூன்றுக்கும் அக்காவே போன் பண்ணுவதுதான் சரி. எழுதிக் கொண்டிருந்தால் வளரும்; பேசினால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை ஒரு வரியாக வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் பிறகு ‘அப்படிச் சொல்லலையே’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பதில் சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். அனுப்புவதற்கு முன் பெயரை மறைத்துவிட்டு, இதையே நேற்றுப் புகார் சொன்னவருக்கும் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் முதல் வரி இன்னும் எழுதப்படவில்லை. அனுப்பிய பிறகு, வாடிக்கையாளரின் அடுத்த செய்தியே தீர்ப்பு. சொன்னதையே திரும்பச் சொன்னால் பதில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

மாதக் கடைசியில் எந்தத் துண்டு அதிகம் போயிருக்கிறது என்று பார்ப்பதும் நல்லது. மயில்கழுத்து விளக்கம்தான் முதலிடம் என்றால், கோளாறு பதிலில் இல்லை, படத்தில் இருக்கிறது. அந்தச் சேலையை வாசலில் வெயிலில் ஒன்று, உள்ளே விளக்கில் ஒன்று என்று இரண்டு சின்ன வீடியோ எடுத்து விற்கும்போதே போட்டுவிட்டால் அந்தப் புகார்களில் பெரும்பகுதி வராமலே போகும். சாயம் போவது பற்றிய பதிலும் அப்படித்தான்: முதல் துவைப்பைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசச் சொல்லி ஒரு சீட்டைப் பார்சலில் வைத்தால் தீரும்.

கடையின் விதி மாறினால் சேமித்த துண்டும் அன்றே மாற வேண்டும். ஏழு நாள் கெடுவை மூன்று நாளாக்கிவிட்டு உதவிப் பெண்ணின் போனில் பழையதை விட்டுவைத்தால், ஐந்தாம் நாள் ஒருவர் அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார். அப்போது ஏழு நாளைத்தான் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தது கடை.