இலை நுனி எந்தப் பக்கம்?

கல்யாண விருந்தை மேலிருந்து எடுத்த படம் ஒன்று கைக்கு வந்தால், நம்மில் பலர் முதலில் ஜாங்கிரியையோ வடையையோ பார்ப்போம். பந்தியில் பரிமாறிப் பழகியவர்கள் முதலில் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அடுத்து உப்பைத் தேடுவார்கள், அதற்கடுத்து சோற்றை. இந்த மூன்றும் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், படம் எடுத்தவர் எங்கே நின்றார், இலை சரியாகப் போடப்பட்டதா, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இலையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்துக்கு ஒரு காரணமும் உண்டு என்பதால்தான் இது முடிகிறது.

தமிழ்நாட்டுச் சைவக் கல்யாண விருந்தையே எடுத்துக்கொள்வோம். தலைவாழை இலையின் நுனி, சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்கும். நடுத்தண்டு இலையை இரண்டாகப் பிரிக்கிறது. எதிரே தள்ளியிருப்பது மேல்பாதி, நம்மை ஒட்டியிருப்பது கீழ்பாதி. மேல்பாதியில் இடது ஓரம், நுனியை ஒட்டி, உப்பும் ஊறுகாயும். அங்கிருந்து வலப்பக்கமாகப் பச்சடி, கோசுமல்லி, பொரியல், கூட்டு என்று வரிசை நீளும். கீழ்பாதியின் நடுவில் சோறு. அதன் வலது ஓரத்தில் இனிப்போ ஒரு கரண்டி பாயசமோ, இடது ஓரத்தில் அப்பளம், வடை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இதில் சில இடங்கள் மாறும். கேரளத்து ஓணச் சத்யாவில் வாழைக்காய் வறுவலும் சர்க்கரை வரட்டியும் பழமும் இடப்பக்கம் வரும். ஆனாலும் நுனி இடப்பக்கம், தொடுகறிகள் மேலே, சோறு கீழே என்ற அடிப்படை அங்கும் இதேதான்.

முதல் காரணம் வலது கை. வாழை இலை நுனியில் குறுகி, அடியை நோக்கி அகலும். சாப்பிடும் கைக்கு இடம் வேண்டியது வலப்பக்கத்தில். அங்கேதான் சோற்றைத் தள்ளி, பிசைந்து, கூட்டோடும் பொரியலோடும் சேர்த்து எடுக்கிறோம். அகன்ற பக்கம் வலது கைக்குக் கிடைக்க வேண்டுமானால் குறுகிய நுனி இடப்பக்கம் போயாக வேண்டும். அங்கே எதை வைப்பது? ஒரு சிட்டிகை போதுமான உப்பையும், விரல் நுனியால் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும். எது அதிகம் வேண்டுமோ, எதை மறுபடி மறுபடி எடுப்போமோ, அது வலது கைக்குப் பக்கத்தில் வருகிறது. உப்பு தள்ளியிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. உப்பு சட்டென்று ஈரத்தில் கரைந்துவிடும். பிசையும் இடத்துக்கு அருகில் இருந்தால் ரசம் ஓடிப்போய் அதைத் தொட்டு, இலை முழுக்கக் கரித்துவிடும்.

இரண்டாவது காரணம் பரிமாறுகிறவர். பந்தியில் விருந்தினர் ஒரு பக்கம் உட்கார, அவர் இலைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வருகிறார். ஒருவர் கையில் ஒரு வாளி, ஒரே பண்டம். அவருக்கு அருகில் இருப்பது மேல்பாதி. தொடுகறிகள் அங்கே இருப்பதால், சாப்பிடுகிறவரின் கையைத் தாண்டாமலும் பிசைந்த சோற்றின் மேல் சிந்தாமலும் இரண்டாம் முறை வைக்க முடிகிறது. இடம் நிலையாக இருப்பதால் அவர் யோசிக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வோர் இலையிலும் கரண்டி அதே மூலைக்குப் போகும். பந்தி விசாரிக்கிறவருக்கும் இது உதவுகிறது. ஓர் இலையில் கூட்டு விட்டுப்போயிருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். வரிசையின் கோடியில் நின்றபடியே அவர் குரல் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது காரணம் இலையின் உடம்பிலேயே இருக்கிறது. வாழை இலையின் மேற்பரப்பில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. இலையில் தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுவது இதனால்தான். குழம்பும் அதில் ஒட்டாமல் சரிவைப் பார்த்து ஓடும். நடுத்தண்டு அடிப்பக்கம் புடைத்திருப்பதால் இலை நடுவில் சற்றே உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. தண்டைச் சீவித் தட்டையாக்கினாலும் கொஞ்சம் மேடு மிஞ்சும். கீழ்பாதியில் ஊற்றிய சாம்பார் மேல்பாதிக்கு ஏறாமல் காய்கறிகளைக் காப்பது இந்த மேடு. அதே சரிவு சாம்பாரை நம் மடிப்பக்கம் அனுப்பவும் பார்க்கும். அதைத் தடுப்பது சோறு. சோற்றின் நடுவே குழி பறித்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, அதற்குள் ஊற்றச் சொல்வது இதற்காக.

இலை கிழிந்தால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். வாழை இலையின் நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுகின்றன. கிழிசலும் அவற்றுக்கு இடையிலேயே, ஓரத்திலிருந்து தண்டு வரை போகும். கீழ்பாதியில் ஒரு கிழிசல் இருந்தால் ரசம் நேரே வேட்டியில்தான் விழும். மேல்பாதிக் கிழிசலால் அவ்வளவு தொல்லை இல்லை, அங்கே கெட்டியான பண்டங்களே இருக்கின்றன. இலை போடும்போது கீழ்பாதியைக் கூர்ந்து பார்ப்பவர் அனுபவசாலி.

இப்போது படத்துக்கு வருவோம். ஒரு விருந்துப் படத்தில் நுனி வலப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். உடனே இலையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு.

படத்தில் சோறு மேலேயும் தொடுகறிகள் கீழேயும், உப்பு கீழ் வலது மூலையில் நுனியோரமும் இருந்தால் இலையில் குறையே இல்லை. படம் எடுத்தவர் பரிமாறுகிறவர் நிற்கும் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார். படத்தை அரைவட்டம் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

சோறு கீழே, தொடுகறிகள் மேலே, ஆனால் நுனி வலப்பக்கம், உப்பும் வலது மேல் மூலையில் நுனியோரம் என்றால், படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கலாம். இதை எப்படித் திருப்பினாலும் சரியாகாது. சோறு நம் பக்கம் வரும்போதெல்லாம் நுனி வலப்பக்கமே நிற்கும். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்களில் இப்படி நேர்வதுண்டு. அழகுக்காகப் படத்தைப் புரட்டுகிறவர்களும் உண்டு.

சோறு கீழே, நுனி வலப்பக்கம், ஆனால் உப்பு மட்டும் இடது மேல் மூலையில், வெட்டிய அகன்ற பக்கத்தில் கிடக்கிறது என்றால், இலைதான் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது. பரிமாறியவரின் கை பழக்கத்தின்படி தனக்குத் தெரிந்த மூலைக்குப் போய் உப்பை வைத்துவிட்டது.

இரண்டாவது விளக்கத்தில் சந்தேகம் வரலாம். பரிமாறியவர் நுனியைப் பார்த்து உப்பு வைத்திருந்தால், தப்பாகப் போட்ட இலையும் இடவலம் மாறிய படமும் ஒன்றுபோலவே தெரியும். அப்போது இலையை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். பின்னால் உள்ள பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா? எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்களா? பெண்களின் முந்தானை இடது தோளில் இருக்கிறதா, வலது தோளிலா? கடைசிச் சான்றை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். மடிசார் கட்டும் குடும்பங்களில் சிலர் முந்தானையை வலது தோளில் போடுவார்கள்.

இடத்தை இப்படிப் படம் காட்டிக்கொடுக்கும். காலத்தைக் காட்டாது. விளம்பரப் படங்களில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் கிண்ணங்களில் ஒன்றாக நிற்கின்றன. பந்தியில் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், வத்தக்குழம்போ மோர்க்குழம்போ, அதன்பின் ரசம், கடைசியில் தயிர் அல்லது மோர். பாயசம் ரசத்துக்குப் பின் வரும் வீடுகள் பல.

இந்த வரிசையைக் கவனித்தால், கெட்டியாகத் தொடங்கி ரசம் வரை நீர்த்துக்கொண்டே போவது தெரியும். இலை நிறைந்திருக்கும்போது ஓடாத பருப்பு வருகிறது. காய்கள் பாதி தீர்ந்து இலையில் இடம் விட்ட பிறகே ஓடும் ரசம் வருகிறது. சுவையும் இப்படித்தான் நகர்கிறது. பருப்பின் மெல்லிய ருசி காரத்துக்குப் பின்னால் வந்தால் எடுபடாது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதில் விருப்பம் குறைகிறது, உண்ணாத வேறு சுவையில் விருப்பம் அவ்வளவாகக் குறைவதில்லை என்று பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1981-ல் சோதித்துக் காட்டினார்கள். சாம்பார் போதும் என்று தோன்றும் வேளையில் ரசத்தின் புளிப்பும் மிளகும் வந்து நாக்கில் நீர் ஊறவைப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

தயிர் கடைசியில் வருவதற்குத் தெளிவான வேதியியல் காரணம் சொல்லலாம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தண்ணீர் குடித்தும் வாய் எரிந்துகொண்டே இருக்கிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி நாக்கிலிருந்து விலக்குகிறது. தயிரிலும் மோரிலும் அந்தப் புரதம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி அறிவியல் காரணம் கிடைத்துவிடாது. இனிப்பை முதலில் தொடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு முதலில், புளிப்பும் உப்பும் நடுவில், மற்றச் சுவைகள் கடைசியில் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டபோதுதான் ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறியது. நீரிழிவுக்காரர் இலையின் வலது ஓரத்து இனிப்பை விட்டு மேல்பாதிக் காய்களில் தொடங்குவதே நல்லது. இலையின் வரிசை கைக்கும் நாக்குக்கும் பந்திக்கும் பொருந்த அமைந்தது. அதை மருத்துவ விதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டு விருந்தை வருங்காலத்துக்குப் பதிவுசெய்ய விரும்பினால் ஒரு படம் போதாது. சோறு விழுவதற்குச் சற்று முன், மேல்பாதி நிறைந்து கீழ்பாதி காலியாக இருக்கும்போது, சாப்பிடுகிறவர் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுங்கள்; இடங்களின் வரிசை அதில் முழுமையாகத் தெரியும். பிறகு பருப்பு, சாம்பார், ரசம், மோர் வரும் வேளைகளில் அதே இலையை அதே கோணத்தில் எடுங்கள். ஊர்ப் பெயரையும் ஒவ்வொரு பண்டத்துக்கும் உங்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் எழுதி வையுங்கள். கிண்ணங்களை அடுக்கி எடுத்த விளம்பரப் படங்களில் எல்லா ஊர் இலையும் ஒன்றுபோலவே தெரிகிறது. உங்கள் வீட்டில் அப்பளம் எந்த ஓரத்தில் விழும், பாயசம் ரசத்துக்கு முன்னா பின்னா என்பதை நீங்கள் எடுத்த படங்களே சொல்லும்.