பின் சில்லின் உள்விளிம்பு

மச்சான் பார்த்து வைத்திருந்த கார் மதுரங்குளியில், பிரதான வீதியிலிருந்து களப்புப் பக்கம் இறங்கும் மணல் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. 2015ஆம் ஆண்டு டொயோட்டா எக்ஸியோ, வெள்ளை நிறம். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஜப்பானில் ஏலம் போனபோது கொடுத்த தாளும் இருந்தது. அதில் விபத்து என்று ஒன்றும் பதியப்படவில்லை. “டயர் நாலும் நல்ல டயர், முன்னால ரெண்டும் புதுசு” என்றார் விற்பவர். மச்சானுக்கு அப்போதே முற்பணம் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அடிபட்டவையும் திருத்தப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. ஏலத்தாள் சொல்வது ஜப்பானில் நடந்ததை மட்டும். கப்பலால் இறங்கிய பிறகு பேலியகொடையிலிருந்து புத்தளம் வரை ஓடும் இந்த ஏ-3 வீதியில், சீமெந்து லொறிகளுக்கும் உப்பு லொறிகளுக்கும் நடுவே அந்தக் கார் என்ன பட்டது என்பதை எந்தத் தாளும் சொல்லாது. அதைத் தேட நான் முதலில் போவது பின் டயர்களிடம்.

ஏன் பின் டயர்?

முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஸ்டியரிங்கோடு இணைந்த கம்பிகளின் நீளம் சற்று மாறினாலே போதும், சில்லுகள் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும். டயர் தரையில் உரசி உரசித் தேயும். வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் அந்தக் கம்பியைத் திருகி, சிறிது நேரத்தில் சரிசெய்துவிடுவார்கள். அதனால் முன் டயர் தேய்வைக் கண்டவுடன் விபத்து என்று முடிவு கட்டக்கூடாது.

எக்ஸியோ போன்ற சிறிய கார்களின் பின்பக்கம் வேறு மாதிரி. இரண்டு பின் சில்லுகளையும் குறுக்கே ஓடும் ஒரே இரும்புச் சட்டம் தாங்குகிறது. சில்லு எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தைச் செய்யும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. திருகிச் சரிசெய்ய அங்கே ஒரு நட்டும் இல்லை. திருக முடியாத ஒன்று தானாக மாறாது. ஆகவே ஒரு பின் சில்லு மட்டும் அளவு மாறி நின்றால், பெரும்பாலும் ஏதோ ஒன்று அதை வளைத்திருக்கிறது.

இந்த இடம் மறைந்தும் இருக்கிறது. முன் சில்லை ஸ்டியரிங்கால் முழுதாகத் திருப்பினால் உள்விளிம்பு வெளியே தெரியும். பின் சில்லு திரும்பாது. குந்தியிருந்து, டயருக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால்தான் உள்விளிம்பு கண்ணில் படும். காரை வாங்க வருகிற பலரும் அதைப் பார்ப்பதில்லை.

கையும் கண்ணும்

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன் சில்லுக்குக் கல் வைத்துவிட்டுக் குந்தினேன். முதலில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் கையை விட வேண்டும். மிகவும் தேய்ந்த டயரில் உள்ளிருக்கும் கம்பி இழைகள் ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும்.

இடது பின் டயரின் வெளி வரியில் ஆழம் 5.5 மில்லிமீற்றர், உள் வரியில் 4.5. வலது பின் டயரின் வெளி வரியிலும் 5.5தான், ஆனால் உள் வரியில் 2 மட்டுமே. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். வலது டயரின் உள்விளிம்பு அந்த மேட்டைத் தொடப் போகும் நிலையில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அரை ஆயுள் மிச்சமிருக்கும் நல்ல டயர்.

பிறகு உள்ளங்கையை டயரின் முகத்தில் குறுக்காகத் தடவினேன். ஒரு பக்கம் தடவும்போது வழவழவென்றும், மறுபக்கம் தடவும்போது ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தும் இருந்தால், அந்த டயர் நேரே உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது என்று பொருள். இரண்டு பின் டயர்களிலும் அந்தப் பிடிப்பு இருந்தது.

டயரின் பக்கச் சுவரையும் பார்க்க வேண்டும். அதில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய குழி தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. டயர் செய்யும்போது உள் நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் அது. வெளியே புடைத்த வீக்கம் அப்படியல்ல. பள்ளத்திலோ கல்லிலோ பலமாக மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரைக் கழற்றத்தான் வேண்டும். இந்தக் காரில் வீக்கம் எதுவும் இல்லை.

டயர் செய்த நாளும் பக்கச் சுவரிலேயே இருக்கும். டி.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது. 1223 என்றால் 2023ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். பின் டயர் இரண்டிலும் 1223 இருந்தது. ஒரே வயது, ஒரே கம்பனி, ஆனால் தேய்வு மட்டும் வேறு.

அவசரப்படக்கூடாத இடம்

இங்கேதான் நிதானம் வேண்டும். காற்றுக் குறைவு இப்படித் தேய்க்காது, அது இரண்டு விளிம்புகளையும் சேர்த்துத் தேய்க்கும். காற்று கூடினால் நடு தேயும். ஷொக் அப்சோபர் போயிருந்தால் டயரில் இடையிடையே கிண்ணம் போலக் குழிகள் விழும். சில்லின் பெயரிங் ஆட்டம் கண்டிருந்தால் சில்லு சாயலாம். ஆனால் காரைத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சந்தேகம் ஒன்று உண்டு. இந்த டயர் எப்போதும் இதே இடத்தில்தான் இருந்ததா? முன்னால் ஓடித் தேய்ந்த டயரைப் பின்னால் மாற்றிப் போடுவது வழக்கம். அப்படியானால் இந்தத் தேய்வு முன் சில்லின் கதையைச் சொல்லும், பின்சட்டத்தின் கதையை அல்ல. டயர் தரும் சாட்சி இவ்வளவுதான். ஆகவே டயரை நம்பாத ஒரு சோதனை வேண்டும்.

மணலில் விழுந்த தடம்

அதற்கு மதுரங்குளியை விட நல்ல இடம் கிடைக்காது. முந்தின இரவு மழை பெய்து ஒழுங்கை மணல் நனைந்து இறுகியிருந்தது. காரை மிக மெதுவாக, ஸ்டியரிங்கை அசைக்காமல், முப்பது நாற்பது அடி நேரே ஓட்டும்படி விற்பவரிடம் சொன்னேன். நல்ல காரில் பின் சில்லின் தடம் முன் சில்லின் தடத்தின் மேல் விழும். சில கார்களில் பின் சில்லுகளுக்கு இடையிலான அகலம் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். அப்போதும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் விலகும்.

இந்தக் காரில் வலப்பக்கத்துப் பின் தடம் முன் தடத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டி நின்றது. இடப்பக்கத்தில் அதே அளவு உள்ளே ஒதுங்கியிருந்தது. கார் நண்டு போல உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஓட்டியவரிடம் கேட்டோம். நேரே போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியே நிற்கும், அது பழகிப்போய்விட்டது என்றார்.

நமது வீதிகளில் மழைநீர் வடிய ஓரம் தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் ஓடும் நம் வாகனங்கள் கையை விட்டால் மெல்ல இடப்பக்கம் சாய்வது இயல்பு. அதை வைத்து ஒரு காரைக் குற்றம் சொல்ல முடியாது. தடம் விலகுவதும், நேர்வீதியில் ஸ்டியரிங் கோணியிருப்பதும், டயர் உள்ளே தேய்ந்திருப்பதும் ஒரே பக்கத்தைக் காட்டினால் சந்தேகம் வலுக்கும்.

அலைன்மென்ட் தாள்

விற்பவர் நல்ல மனிதர். கணினியில் நான்கு சில்லையும் அளக்கும் இடத்துக்குக் காரைக் கொண்டுவரச் சம்மதித்தார். முன்பக்கம் மட்டும் அளக்கும் கடைகளும் உண்டு. அங்கே போயிருந்தால் இந்தக் காரின் முன் அளவுகளைக் கண்டு “சரி” என்று அனுப்பியிருப்பார்கள்.

தாளில் இடது பின் சில்லின் சாய்வு, அதாவது கேம்பர், உள்நோக்கி 1.4 பாகை. வலதில் 2.5. இரண்டுக்குமான வித்தியாசம் அரைப் பாகைக்குள் இருக்க வேண்டும், இங்கே 1.1. சில்லு பார்க்கும் திசையில் இடது 0.1 பாகை உள்ளே, வலது 0.6 பாகை வெளியே. இவற்றின்படி காரின் பின்பகுதி 0.35 பாகை வலப்பக்கம் தள்ளுகிறது. எக்ஸியோவின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 2600 மில்லிமீற்றர். அந்தத் தூரத்தில் 0.35 பாகை என்பது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர். மணலில் நாங்கள் பார்த்த ஒரு விரல் அகலம் அதுதான். இடது டயரின் உள்விளிம்பும் சற்றுத் தேய்ந்திருந்ததன் காரணமும் இதில் இருக்கிறது. கார் கோணலாகப் போகும்போது இழுபடுவதை இரண்டு டயர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

அடி எங்கே பட்டது என்பதையும் இந்த எண்களிலிருந்து ஊகிக்கலாம். கார் வழுக்கிப் போய் நடைபாதைக் கல்லில் இடித்தால் சில்லின் அடிப்பகுதி உள்ளே போகும், அப்போது வெளிவிளிம்பு தேயும். பெரும் பள்ளத்தில் விழுந்தாலோ மேலிருந்து மோதினாலோ தலைப்பகுதி உள்ளே சாயும், உள்விளிம்பு தேயும். இங்கே தலைப்பகுதியும் பின்பகுதியும் உள்ளே போயிருந்தன. அப்படியானால் வலப்பக்கத்தில், சில்லின் மேல்பின் மூலையில் ஏதோ மோதியிருக்க வேண்டும்.

தாளைக் காட்டிக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “ஒரு லொறி வளைக்கேக்க பின்பக்கத்த உரசினது. பொடி வேலை செஞ்சு பெய்ன்ட் அடிச்சாச்சு, அதோட சரியாப் போச்சுன்னு நெனச்சேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெய்ன்ட் அடித்தவருக்குச் சட்டம் வளைந்தது தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

வாங்கலாமா?

சில இடங்களில் சட்டத்துக்கும் சில்லு அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவ மெல்லிய தகடு வைத்து அளவைச் சரிக்கட்டுவார்கள். சிறு விலகலுக்கு அது பொருந்தும். வளைந்த இரும்பை அது நிமிர்த்தாது. செய்ய வேண்டியது சட்டத்தையே மாற்றுவது. மாற்றிய பிறகு மறுபடி அளப்பதுதான் உண்மையான தேர்வு. புதுச் சட்டத்தோடு அளவுகள் சரியாக வந்தால் கெட்டது சட்டம் மட்டும். அப்போதும் கோணல் தொடர்ந்தால் சட்டம் பூட்டப்படும் பொடியின் இடமே நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால் இந்தக் காரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன்.

முற்பணம் கொடுக்கவில்லை. பாவித்த சட்டம் ஒன்றைத் தேடிப் பூட்டித் தருவதாக விற்பவர் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அளந்தோம். இடது 1.4, வலது 1.5. ஸ்டியரிங் நேரே நின்றது. இரண்டு பின் டயர்களின் விலையையும் கழித்துக்கொண்டு மச்சான் காரை வாங்கினார்.

வாங்கி ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் புதுப் பின் டயர்களுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடுத்தார். “ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கு மச்சான்.”